நாளுக்கு நாள் பின்னோக்கி நழுவும் உறக்கம்: பார்வையிழந்த வாசகிக்கு உறக்க மருத்துவரின் பதில்

கேள்வி: “எனக்கு வயது 33. பதினான்கு வயதில் பட்டாசு விபத்தில் பார்வை முழுவதும் போயிற்று. வலக்கண்ணை எடுத்துவிட்டார்கள், இடக்கண் சுருங்கிவிட்டது, வெளிச்சம்கூடத் தெரியாது. பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை செய்கிறேன். பல வருடங்களாக உறக்கம் என் கட்டுப்பாட்டில் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காகத் தூங்குவேன். பிறகு இரவு இரண்டு, மூன்று என்று தள்ளிப்போய், சில வாரம் இரவு முழுக்க விழித்திருந்து பகலில் வேலை நேரத்தில் சாய்ந்துவிடுவேன். அடுத்து சில நாள் மாலை ஏழு மணிக்கே கண் சொக்கும். அப்புறம் தானாகச் சரியாகும், மறுபடி ஆரம்பிக்கும். போன முறை ஒன்பது நாள் விடுப்பில் அலாரம் வைக்காமல் தூங்கிப் பார்த்தேன்: முதல் இரவு 11.30க்குத் தூக்கம் வந்தது, ஒன்பதாம் இரவு விடியற்காலை 3.30க்கு. மாமியார் சோம்பல் என்கிறார். ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்று குளோனசெபாம் கொடுத்தார். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். தோழி சொன்னாள் என்று மிக மோசமான நாட்களில் மெலடோனின் 10 மி.கி. ஐந்து நாள் படுக்கப்போகும்போது போட்டேன், பலன் இல்லை. கண்ணே தெரியாதவளுக்கு வெளிச்சத்தால் என்ன ஆகப்போகிறது? வேலை நேரத்தில் தூங்கியதற்கு மெமோ வந்திருக்கிறது. இரவுப் பணிக்கு மாற்றல் கேட்கலாமா, வேலையை விட்டுவிடலாமா? அடுத்த வருடம் குழந்தைக்கு முயலலாம் என்று இருக்கிறோம்.”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒன்பது இரவுகளைக் குறித்து வைத்ததன் மூலம், இத்தனை வருடமாக எந்தப் பரிசோதனையும் காட்டாத ஒன்றை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய எனக்கு உரிமை இல்லை. ஆயினும் நீங்கள் சொல்லும் சுழற்சி, “இருபத்து நான்கு மணிநேரமல்லாத உறக்க–விழிப்புச் சுழற்சிக் கோளாறு” என்று நாங்கள் அழைப்பதோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. மருத்துவர்கள் சுருக்கமாக நான்-24 என்பார்கள். வெளிச்சம் சிறிதும் உணராத பார்வையற்றோரில் பாதிப் பேருக்கு மேல் இது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியிருந்தும் கண் மருத்துவமனையிலோ மனநலப் பிரிவிலோ இதைப் பற்றி அவர்களிடம் அரிதாகவே கேட்கிறார்கள்.

கண்ணுக்கு இருக்கும் இன்னொரு வேலை

“கண்ணே தெரியாதவளுக்கு வெளிச்சத்தால் என்ன” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் தலைமைக் கடிகாரமாகச் செயல்படும் ஒரு சிறு நரம்புத்திரள் உள்ளது. எப்போது உறக்கம் வரவேண்டும், எப்போது உடல் வெப்பம் ஏறவேண்டும், இரவைக் குறிக்கும் ஹார்மோனான மெலடோனின் எப்போது சுரக்கவேண்டும் என்பதை அதுதான் வகுக்கிறது. ஆனால் அதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் அன்று. பெரும்பாலானோருக்கு அதைவிடச் சற்று நீளம், சராசரியாக ஏறத்தாழ 24.2 மணி நேரம். தினமும் சில நிமிடம் பிந்தும் சாவிக் கடிகாரத்தைக் காலையில் ஒருமுறை திருத்தி வைப்பதுபோல, பார்வையுள்ளவர்களின் கடிகாரத்தைப் பகல் வெளிச்சம் அன்றாடம் முன்னே நகர்த்திச் சரிசெய்கிறது. தமக்குள் இப்படி ஒரு திருத்தம் நடப்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

அந்தச் செய்தியை மூளைக்கு முதன்மையாகக் கொண்டுசெல்பவை, உருவங்களைக் காட்டும் செல்கள் அல்ல. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட தனிவகை நரம்புச் செல்கள் சில உள்ளன. நீல ஒளியை நன்கு உணரும் அவைதாம் கடிகாரத்துக்குச் சேதி சொல்கின்றன. இதனால்தான், பொருள் எதுவும் தெரியாத அளவுக்குப் பார்வை இழந்த சிலருக்கும், விழித்திரையின் இந்தப் பகுதி உயிரோடு இருந்தால் உறக்கம் ஒழுங்காகவே வருகிறது. உங்களுக்கு வலக்கண் இல்லை, இடக்கண்ணும் சுருங்கிவிட்டது என்பதால் அந்த வழி இரு பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும். கடிகாரம் நின்றுவிடவில்லை, திருத்துவார் இல்லாமல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றப் பார்வையற்ற வாசகர்களுக்கும் இங்கே ஒரு சொல் சொல்லவேண்டும். பார்வை இல்லாவிட்டாலும் உங்கள் உறக்கம் வருடம் முழுவதும் ஒழுங்காக இருக்கிறதென்றால், உங்கள் கண் இந்த வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கலாம். தோற்றத்துக்காக மட்டும் அந்தக் கண்ணை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எடுக்காமலே மேலே பொருத்தக்கூடிய மெல்லிய செயற்கைக் கண் ஓடு பற்றி முதலில் கேளுங்கள். வலியோ நோயோ காரணமாக எடுத்தே ஆகவேண்டிய நிலை வேறு. அடர்ந்த கறுப்புக் கண்ணாடியை நாள் முழுவதும் அணிவதும் இவர்களுக்கு உகந்ததன்று.

சோம்பல் என்ற குற்றச்சாட்டு

உங்கள் மாமியாரிடம் நீங்கள் சொல்லக்கூடிய ஒரு செய்தி மருத்துவ வரலாற்றில் உண்டு. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பார்வையற்ற 28 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மற்றவர்களைப் போலவே சமூகத்தோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த அவருடைய உடற்சுழற்சி 24.9 மணி நேரமாக இருந்தது. அவரை மருத்துவமனையிலேயே வைத்து, கண்டிப்பான 24 மணி நேர அட்டவணைப்படி உறங்கவும் எழவும் செய்தும், அவருடைய கடிகாரம் அந்த அட்டவணைக்கு வந்து சேரவில்லை. அலாரம், வேளைக்குச் சாப்பாடு, வீட்டாரின் குரல் ஆகியவற்றுக்குக் கடிகாரத்தின் மேல் ஓரளவு பிடி உண்டு. ஆனால் ஒளியோடு ஒப்பிட்டால் அந்தப் பிடி மிகத் தளர்வானது. மன உறுதி உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பும். உடலுக்குள் இருக்கும் நள்ளிரவைக் காலையாக மாற்றாது.

மனச்சோர்வு என்று சொன்ன மருத்துவரையும் முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் உடலின் இரவில் வேலை செய்பவருக்கு மனம் சோர்வது இயல்பு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் மனச்சோர்வினால் மட்டும் வரும் உறக்கமின்மை, குறித்த இடைவெளியில் தானாக முழுமையாகச் சரியாகிப் பத்து நாள் கழித்துத் திரும்பி வருவதில்லை. அதேபோல், வெறும் தாமத உறக்கப் பழக்கம் உள்ளவர் இரவு இரண்டு மூன்று மணியோடு நின்றுவிடுவார். உங்களைப் போல் சுற்றி வந்து மாலை ஏழு மணிக்குக் கண் சொக்கும் கட்டத்தை அவர் அடைவதில்லை. நோயைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஏழு மணி வரியை நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

ஒன்பது இரவுகள் சொல்லும் கணக்கு

முதல் இரவுக்கும் ஒன்பதாம் இரவுக்கும் இடையே எட்டு நாள். அதற்குள் உறக்க நேரம் நான்கு மணி நேரம் பிந்தியிருக்கிறது. ஆக நாளொன்றுக்கு அரை மணி நேர நழுவல். உங்கள் உள் நாளின் நீளம் ஏறத்தாழ 24.5 மணி நேரம். அரை மணி அரை மணியாக நழுவி ஒரு முழுச் சுற்று வர 48 நாள் ஆகும். விடுப்பின் முதல் இரவிலிருந்து 24ஆம் நாளை ஒட்டி உங்கள் உடலின் இரவு 11.30, ஊரின் பகல் 11.30 ஆகிவிடும், வங்கியில் நீங்கள் சாய்ந்துபோகும் வாரங்கள் அவை. 40ஆம் நாளை ஒட்டி மாலை ஏழரைக்குக் கண் சொக்கும். 48ஆம் நாளை ஒட்டி ஊரோடு மீண்டும் ஒத்துப்போவீர்கள்.

ஒன்பது நாள் குறிப்பு இந்தக் கணக்குக்குப் போதும். நோயை உறுதிசெய்யப் போதாது. குறைந்தது 14 நாள் என்பது வழக்கமான வரம்பு. உங்கள் சுற்று 48 நாள் என்பதால், இரண்டு மாதக் குறிப்பு இருந்தால் நன்று. கைபேசியில் தினமும் குரல் பதிவாக மூன்று செய்திகளைச் சொல்லி வையுங்கள்: உறக்கம் வந்த நேரம், விழித்த நேரம், பகலில் தூங்கியிருந்தால் எப்போது எவ்வளவு. படுத்த நேரத்தைச் சொல்லாமல் உறக்கம் வந்த நேரத்தைச் சொல்லவேண்டும். அலாரத்தால் எழுந்தீர்களா தானாக எழுந்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலை நாட்களில் அலாரம் நழுவலை மறைத்துவிடும் என்பதால், விடுமுறை நாட்களின் குறிப்புக்கு மதிப்பு அதிகம். உறக்க மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையில், மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் அசைவைக் கொண்டு உறக்க, விழிப்பு நேரங்களைப் பதியும் ஆக்டிகிராஃபி கருவியைச் சில வாரங்களுக்குத் தருவார்கள். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இருமுறை உமிழ்நீரிலோ சிறுநீரிலோ மெலடோனின் சுழற்சியை அளந்து, அது நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே மிகத் துல்லியமான வழி. அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் நீண்ட குறிப்பை வைத்தே மருத்துவம் தொடங்கலாம்.

மெலடோனின் ஏன் அப்போது பலிக்கவில்லை

மெலடோனினை நீங்கள் தூக்க மாத்திரையாக எண்ணிப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலில் அதன் வேலை வேறு. ஒளி இல்லாத இடத்தில், “இப்போது இரவு தொடங்குகிறது” என்று கடிகாரத்துக்குச் சொல்லும் மாற்றுச் சேதி அது. அந்தச் சேதி எந்த வேளையில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும். உடலின் மாலைப் பொழுதில் சேர்ந்தால் கடிகாரம் முன்னே நகரும்; உடலின் காலைப் பொழுதில் சேர்ந்தால் இன்னும் பின்னே போகும். மிக மோசமான நாட்களில் உங்கள் உடலின் இரவு ஊரின் பகலில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நீங்கள் படுக்கப்போன நள்ளிரவு, உடலுக்குக் காலையாகவோ நண்பகலாகவோதான் இருந்திருக்கும். ஆகவே அந்த ஐந்து நாள் மாத்திரை ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கும், அல்லது நழுவலைச் சற்று விரைவாக்கியிருக்கும். மருந்து தோற்றது என்று அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

அளவும் அப்படியே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், முழுப் பார்வையிழந்த ஏழு பேரில் ஆறு பேரின் கடிகாரம் இரவில் 10 மி.கி. மெலடோனினால் 24 மணி நேரச் சுற்றுக்கு வந்தது. அவர்களில் சிலருக்கு அளவைப் படிப்படியாக 0.5 மி.கி. வரை குறைத்த பின்னும் அது நிலைத்தது. பின்னர், அதிக அளவில் கட்டுப்படாத ஒருவருக்கு 0.5 மி.கி. பலித்ததும் பதிவாகியுள்ளது. பெரிய மாத்திரையின் மருந்து விடிந்த பிறகும் இரத்தத்தில் தங்கினால், மாலையில் முன்னே தள்ளியதைக் காலையில் அதுவே பின்னே இழுத்துவிடும். எனவே குறைந்த அளவில் தொடங்குவதையே நான் விரும்புகிறேன். உங்கள் மருத்துவர் ஒப்பினால், மெதுவாகக் கரையாத சாதாரண 3 மி.கி. மாத்திரையைக் கால் பங்காகவோ அரைப் பங்காகவோ வெட்டிப் போடலாம். மெதுவாக மருந்தை விடும் வகையை வெட்டக் கூடாது. அட்டையில் எழுதிய அளவும் உள்ளிருக்கும் அளவும் ஒத்துப்போகாத தயாரிப்புகள் உண்டு என்பதால், ஒரே நிறுவனத்தின் மாத்திரையையே தொடர்ந்து வாங்குங்கள்.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இரவு 10.30க்கு உறங்க விரும்புவதாகக் கொள்வோம். மாத்திரைக்கு இரவு 9 மணியை முடிவுசெய்யுங்கள். குறிப்பைப் பார்த்து, அலாரம் இல்லாமலே 10.30க்கும் 11.30க்கும் இடையே உறக்கம் வரும் நாட்கள் வந்ததும் தொடங்குங்கள்; உங்கள் கணக்கில் 46 முதல் 48ஆம் நாள். அப்போது ஒன்பது மணி, உடலின் மாலையிலேயே விழும். கடிகாரம் நழுவப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் மாத்திரை அதைப் பின்னிருந்து முன்னே தள்ளும். அதன்பின் ஞாயிறு, திருமண வீடு, ஊர்ப்பயணம் எதுவானாலும் அதே ஒன்பது மணி. ஒருநாள் மறந்தால் மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள். இரட்டை அளவு வேண்டாம்.

பலித்ததா என்பதை முதல் இரவிலோ முதல் வாரத்திலோ தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் அது எப்படியும் உங்கள் நல்ல வாரம். வழக்கமாகக் குலையும் நாட்களில் குலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 48 நாள் சுற்று ஒன்று முழுதாகக் கடந்தும் உறக்கம் 10.30ஐ ஒட்டியே நின்றால் கடிகாரம் பிடிபட்டது என்று பொருள். நழுவல் குறைந்து, ஆனால் நிற்காமல் இருந்தால் அளவையோ நேரத்தையோ மாற்றவேண்டும். நழுவிக்கொண்டே போனாலும் உடனே கைவிடாமல், மருத்துவரிடம் பேசி அதே நேரத்தில் தொடர்ந்தால், அடுத்த சுற்றில் பிடிபடுபவர்களும் உண்டு. எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலித்தவர்களுக்கும் மாத்திரையை நிறுத்தினால் நழுவல் திரும்பும். இதற்கென்றே அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற டாசிமெல்டியான் என்ற மருந்தும் மெலடோனின் ஏற்பிகளின் மேல்தான் செயல்படுகிறது. சோதனையில் அதை எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கே முதல் கட்டத்தில் கடிகாரம் பிடிபட்டது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 3 சதவீதம்தான். எனவே மெலடோனினை முறையாக முயன்ற பிறகே அதைப் பற்றி யோசிக்கலாம்.

குளோனசெபாமைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது உறக்கத்தை வரவழைக்கும், கடிகாரத்தை நகர்த்தாது. ஆனால் இரண்டு வருடமாக எடுப்பதைத் திடீரென நிறுத்தினால் பதற்றம், கடும் உறக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும். மனச்சோர்வுக்கு வேறு மாத்திரையும் எடுக்கிறீர்கள் என்றால் அதன் பெயரைச் சொல்லுங்கள். ஃபுளூவாக்சமின் மெலடோனினின் அளவை இரத்தத்தில் பல மடங்கு உயர்த்திவிடும். கருத்தடை மாத்திரையும் ஓரளவு உயர்த்தும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மெலடோனின் தொடங்கக்கூடாது.

வேலையும் சட்டமும்

இரவுப் பணி தீர்வாகாது. அதுவும் நிலையான நேரம்தான். உங்கள் கடிகாரமோ எந்த நேரத்திலும் நிற்பதில்லை. இப்போது பகலில் படும் பாட்டைச் சில வாரம் கழித்து இரவில் படுவீர்கள். உறக்கத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொண்டு வாழ்பவர்கள் உண்டு. சொந்தத் தொழிலோ வீட்டிலிருந்து செய்யும் பணியோ இருந்தால் அது கௌரவமான தேர்வுதான். ஆனால் மருந்தை ஒருமுறைகூட முறையாக முயலாமல், அதற்காக வங்கி வேலையை விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மெமோவுக்கு வெறும் மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான இணக்க ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. பொதுத்துறை வங்கியும் அதில் அடங்கும். உறக்க மருத்துவரிடம், இது உங்கள் பார்வையிழப்பின் நேரடி உடல் விளைவு என்றும், எந்த நாட்களில் எப்படிப் பாதிக்கும் என்றும் எழுதிய சான்றைப் பெற்று, குறிப்பேட்டின் நகலோடு விளக்கம் கொடுங்கள். சலுகை என்று பொதுவாகக் கேட்பதைவிடக் குறிப்பாகக் கேளுங்கள்: மருந்து பிடிபடும் வரை மோசமான வாரங்களில் பணி தொடங்கும் நேரத்தில் தளர்வு, மதிய இடைவேளையில் இருபது நிமிடம் சாய்ந்துகொள்ள ஓர் அறை, பணத்தைக் கையாளும் பொறுப்பிலிருந்து அந்த நாட்களில் மட்டும் விலக்கு. மறுத்தால், அதே சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட குறைதீர் அலுவலரிடமும், பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடமும் போகலாம். காபி உதவுமா என்று கேட்பீர்கள். பகலில் விழிப்பைக் கூட்டும், கடிகாரத்தைப் பிடிக்காது. மோசமான வாரங்களில் காலையில் குடிக்கலாம்.

குழந்தைத் திட்டம்

கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மெலடோனின் பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. கருவுறுதலில் குளோனசெபாமுக்கும் தனிக் கவலைகள் உண்டு. ஆகவே இரண்டு மருந்துகளையும் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கருவுற முயலாமல், மகப்பேறு மருத்துவரையும் உறக்க மருத்துவரையும் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். அடுத்த வருடம் என்று சொல்கிறீர்கள். இரண்டு மாதக் குறிப்புக்கும், ஒன்றிரண்டு சுற்று மெலடோனின் சோதனைக்கும், குளோனசெபாமை மெல்லக் குறைக்கவும் அதற்குள் நேரம் இருக்கிறது. கருவுற்றபின் மெலடோனினை நிறுத்த நேர்ந்தால் அரை மணி நழுவல் மீண்டும் தொடங்கும். எந்த வாரம் எப்படி இருக்கும் என்பதைக் குறிப்பேட்டைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டு, மருத்துவப் பரிசோதனைகளையும் விடுப்பையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். வங்கியோடு இப்போதே எழுத்தில் பேசி வைக்கும் ஏற்பாடு அந்த மாதங்களில்தான் உங்களுக்கு அதிகம் தேவைப்படும்.